காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது

சென்னையிலிருந்து எடிட்டர் போன் செய்தபோது சின்னமனூர் லாட்ஜ் வாசலில் நின்று பொங்கல் தின்றுகொண்டிருந்தேன். "உங்க விதவை கழுத்துல மஞ்சக் கயிறு பளபளன்னு தெரியுதும்மா. குளோசப் அஞ்சும் போச்சு" என்றார். அதற்குப் பிறகு பொங்கல் இறங்கவில்லை.

அந்தப் படத்தில் நான் உதவி இயக்குநர். கன்டின்யூட்டி என் பொறுப்பு. ஒரு ஷாட்டில் இடது கையில் இருந்த கூடை அடுத்த ஷாட்டிலும் இடது கையில்தான் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் குறிக்கிற வேலை. கூடலூர்க்காரி, அதுவும் பொம்பளைப் பிள்ளை, சினிமாவில் என்ன கிழிக்கப் போகிறாள் என்று யூனிட்டில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். கிழித்துவிட்டேன்.

விதவையாக நடித்தவர் நடிகை இல்லை. ஓடைப்பட்டியில் திராட்சை வெட்டப் போகிற அக்கா. எடை போடும் இடத்தில் ஒரு வியாபாரியை அவர் வாங்கு வாங்கென்று வாங்கியதைப் பார்த்துத்தான், கொழுந்தனிடம் தோட்டத்தைக் கொடுக்க மறுக்கும் பெண்ணாக இயக்குநர் அவரைப் பிடித்துப் போட்டார். மொத்தம் மூன்று காட்சி. அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "பொட்ட அழிச்சுக்கிறேன், பூவ எடுத்துக்கிறேன். தாலியக் கழட்டச் சொன்னீகன்னா வேற ஆளப் பாத்துக்கங்க. எம் புருசன் குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்காக." ரவிக்கைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளலாம் என்று இயக்குநரும் ஒத்துக்கொண்டார்.

முதல் காட்சியைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே இரண்டு நாள் காலையில் எடுத்தோம். முதல் நாள் வைடு ஷாட். பழைய கயிறு வியர்வையில் நிறம் போய்க் கழுத்தோடு கழுத்தாக இருந்தது. நானே ஊக்கு குத்தினேன். மறுநாள் குளோசப். அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. அக்கா விடியலில் குளித்து, மஞ்சள் பூசிய புதுக் கயிறு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். என் அம்மாவும் சித்தியும் வருஷம் தவறாமல் அன்றைக்குத்தான் கயிறு மாற்றுவார்கள். இது தெரிந்தவளும் பார்க்க வேண்டியவளும் நான் ஒருத்திதான். ஆடிக் காற்றில் முந்தானை பறக்கிறதே என்று அதையே பிடித்துக்கொண்டு அலைந்தேன், கழுத்தைப் பார்க்கவில்லை. கேமராவோடு இருந்த மானிட்டர் கறுப்பு வெள்ளை, அதில் மஞ்சள் எங்கே தெரியும்?

புரொடக்‌ஷன் மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் வெள்ளைத் தாள் தயாராக இருந்தது.

"ரீஷூட்டுக்கு எல்லாருக்கும் அறிவிப்பு எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது. 'உள்ளூர் ஆர்ட்டிஸ்டின் ஒத்துழையாமை காரணமாக...'"

"அவங்க ஒத்துழைச்சாங்களே சார்."

"தாலியக் கழட்டலையில்ல? எப்படியும் திரும்ப எடுக்கத்தான போறோம். அந்தம்மாவ அனுப்பிட்டு மெட்ராஸ்லேருந்து ஒரு ஆர்ட்டிஸ்ட வரச் சொல்லிடலாம். கேட்டா அவங்க கழட்டுவாங்க. நீயும் தப்பிச்சுக்குவ."

நீயும் தப்பிச்சுக்குவ. அந்த வார்த்தையில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் கோட்டை விட்டதற்கு, வெயிலில் ஐம்பது டேக் சலிக்காமல் நின்றவளைத் துரத்துவதா? சரி சார், எழுதிக்கொண்டு வருகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எழுதினேன். அவரிடம் கொண்டுபோகவில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய் நாற்பது பிரதி எடுத்தேன்.

"யூனிட்டில் உள்ள அனைவருக்கும்.

திராட்சைத் தோட்டக் காட்சியை வரும் வெள்ளிக்கிழமை முழுவதுமாகத் திரும்ப எடுக்கிறோம்.

காரணம்: குளோசப்பில் தாலிக்கயிறு தெரிகிறது. அன்று ஆடிப்பெருக்கு. கயிறு புதிதாக இருக்கும் என்று தெரிந்தும் ஷாட்டுக்கு முன்னால் நான் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. நடித்தவரிடம் ஒரு தவறும் இல்லை. அதே நடிகர்கள் நடிக்கிறார்கள்.

லாட்ஜிலிருந்து வண்டி காலை ஐந்து மணிக்கு. மேக்கப் தோட்டத்தில், ஐந்தரைக்கு. முதல் ஷாட் ஆறரைக்கு. வைடு ஷாட்கள் பத்து மணிக்குள் முடிய வேண்டும். அதன் பிறகு பந்தல் மேல் துணி கட்டிக்கொண்டு குளோசப். வெள்ளியன்று எடுப்பதாக இருந்த கோம்பைத் தெருக் காட்சி சனிக்கிழமைக்குப் போகிறது.

இரண்டு வரிசைக் கொடியில் பழத்தை வெட்டாமல் நிறுத்தி வைக்கச் சம்மதித்த தோட்டக்காரருக்கும், செய்த வேலையையே மறுபடி செய்யப் போகும் உங்கள் எல்லோருக்கும் நன்றி."

கீழே என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் நானே நின்று ஆளுக்கொன்று கொடுத்தேன். லைட்மேன்கள் சத்தமாகப் படித்தார்கள். மேனேஜர் தாளைப் பார்த்ததும் முகம் கருத்துப் போய், "யாரக் கேட்டு இத எழுதின?" என்று கத்தினார். அதற்குள் இயக்குநர் கைக்கும் ஒன்று போயிருந்தது.

இயக்குநர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தம்மா கழட்டுவாங்களா?"

"மாட்டாங்க சார். நானும் கேக்க மாட்டேன்."

"அப்புறம் எப்படி?"

"கழுத்து மூடின ரவிக்கை தைக்கச் சொல்லியிருக்கேன்."

"ரவிக்கைய மாத்தினா முத நாள் எடுத்ததோட சேராதே."

"அதனாலதான் சார் குளோசப் மட்டும்னு எழுதல. முழுக் காட்சியும்னு எழுதியிருக்கேன்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை ஒரு நூல் வெளிய தெரிஞ்சாலும் நீ கூடலூர் பஸ் ஏறிடு" என்றார். மேனேஜர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

சாயங்காலம் ஓடைப்பட்டிக்குப் போய் அக்காவிடம் தாளைக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாமல் படித்தார்.

"என்னைய அனுப்பிட்டாகன்னு ஊரெல்லாம் பேச்சு. இதுல அப்படி இல்லயே ஆத்தா?"

"இல்லக்கா. தப்பு எம்மேல."

"அத ஏன் இப்படித் தண்டோராப் போட்ட? கூறு கெட்டவளே!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, இங்கன வாங்க, இதப் படிங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அக்காவின் கழுத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். கடைசி குளோசப்புக்கு இயக்குநர் ஓகே சொன்னதும், அக்கா மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேராகப் போய் நின்றார். ரவிக்கைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்து வெளியே போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கழட்டாமத்தான் நடிச்சேன், பாத்தீகளா?" என்றார். லைட்மேன்கள் விசிலடித்தார்கள். மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

படம் வந்தபோது தேனியில் ஒரு தியேட்டரில் அக்கா குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். டைட்டிலில் அக்கா பெயர் வந்தது. அவர் புருஷன் எழுந்து நின்று கைதட்டினார். உதவி இயக்குநர்கள் என்று நான்கு பெயர் வந்தது. என் பெயர் இல்லை. டைட்டில் பட்டியலைக் கொடுத்தது மேனேஜர்.

"ஏப்பா, நிறுத்துங்கப்பா! எங்க பிள்ள பேரு எங்கன?" என்று அக்கா திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். முன்வரிசையில் சிரித்தார்கள். வலித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே தாளை இன்றைக்கு எழுதச் சொன்னாலும் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

அக்கா மடியிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, மடிப்பில் கிழிந்துபோன அந்த ஜெராக்ஸை எடுத்து என் கையில் வைத்தார். "இதுல இருக்குல்ல" என்றார்.

அந்தப் படத்தில் என் பெயர் இருப்பது அந்தத் தாளில் மட்டும்தான். 'தவறு என்னுடையது' என்ற வரிக்குக் கீழே.