நனையாத கட்டிங் மெஷின்

பிரஸ்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி தவறினாலும் நூறு பிரதியையும் கிழித்துப் போட்டு மறுபடி அடித்துக் கொடுப்பவர் என்று அவரே ஊருக்குச் சொல்லிக்கொள்வார். அதில் பாதிக்கு மேல் உண்மைதான். முப்பது வருஷமாக அந்தப் பெயரில்தான் தொழில் ஓடியது.

மாடித் தொட்டியின் குழாய் வெடித்து அச்சகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று மூன்று மாதம் ஆகிவிட்டது. நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மறுநாளே வந்து படம் எடுத்தார், குறிப்பெழுதினார், நனைந்த சரக்கைத் தான் சொல்லும்வரை அப்புறப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அறிக்கைதான் வரவில்லை. ஊறி உப்பிய காகிதக் கட்டுகள் பாதி ஹாலை அடைத்துக்கொண்டு நாற, பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் அடுத்த தெரு அச்சகத்துக்குப் போய்விட்டது. வேலையாட்களில் இரண்டு பேர் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். மிஞ்சியவர் நோட்டு தைத்து அட்டை ஒட்டும் பைண்டர் மட்டும்.

"இன்னைக்கு அந்த ஆளுக்கு நல்லா உறைக்கிற மாதிரி ஒரு மெயில் போட்ருவோம்பா" என்றாள் மகள். அலுவலக வேலை முழுவதும் அவள் பொறுப்பு.

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பாலிசி எண், விபத்து நடந்த தேதி, சர்வே நடந்த தேதி. இழந்த ஆர்டர், போன ஆட்கள், நகர்த்த முடியாத காகிதம். மதிப்பீட்டு அறிக்கையைத் தயவுசெய்து உடனே கொடுத்து, பிரதி ஒன்றை எங்களுக்கும் அனுப்பவும். கடைசியில் அவள் நிமிர்ந்தாள். "கேட்ட டாக்குமெண்ட் எல்லாம் குடுத்தாச்சுன்னு போடலாம்ல?"

"போடு" என்றார். மூலையில் பசை கலக்கிக்கொண்டிருந்த பைண்டர் தலை தூக்கவில்லை.

மதியமே பதில் வந்துவிட்டது. அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். மகள் சத்தமாக வாசித்தாள். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன். கட்டிங் மெஷினின் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு மூன்று முறை தங்கள் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அது வந்ததும் அறிக்கையை முடித்துவிடுவேன்."

"மூணு தடவையா? எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா. அந்தப் புக் எங்க?"

இழுப்பறையில்தான் இருந்தது. தண்ணீர் வருவதற்கு நாற்பது நாள் முன்பே, காகிதம் வெட்டும் அந்த மெஷினின் மோட்டார் புகைந்து செத்துப்போனதை மெக்கானிக் தேதி போட்டு எழுதி வைத்த புத்தகம். நனைந்த சாமான் பட்டியலோடு பட்டியலாக அந்த மெஷினையும் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார் பிரஸ்காரர். சர்வே அன்று சர்வேயர் "இது ஓடிட்டு இருந்துச்சா?" என்று கேட்டபோது, பிரஸ்காரர் கண்ஜாடை காட்ட, பைண்டர்தான் "முந்தின நாள்கூட ஓடுச்சுங்க" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் பொய்.

மகள் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் முகம் சிவந்தது. புத்தகத்தை மூடி அவர் முன்னால் வைத்தாள். ஏதாவது திட்டித் தொலைத்திருக்கலாம் என்றிருந்தது பிரஸ்காரருக்கு.

"எந்திரிம்மா, நான் அடிக்கிறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டினார். தாமதத்துக்குக் காரணம் நான்தான். மெஷின் முன்பே பழுது, அதைப் பட்டியலிலிருந்து நீக்கவும், சர்வீஸ் புத்தகத்தை இணைத்திருக்கிறேன். அன்று என் தொழிலாளி சொன்ன பதில் நான் சொல்லச் சொன்னது, அவர் மேல் தப்பில்லை. மகள் அதை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள்.

"இத அனுப்பினா மொத்த கிளெய்மையே தள்ளுபடி பண்ணலாம்பா" என்றாள் மகள் மெதுவாக.

"தெரியும்மா."

அனுப்பினார். மாலைக்குள் சர்வேயரின் பதிலும் வந்தது. தங்கள் கடிதத்தை அப்படியே அறிக்கையில் குறிப்பிட வேண்டியிருக்கிறது, முடிவு கம்பெனியுடையது, நாளை மறுநாள் அறிக்கை போய்விடும், நனைந்த காகிதத்தை அப்புறப்படுத்தலாம். மூன்று மாதம் முடியாதது மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தொழில் மிஞ்சுமா என்பதுதான் இனித் தெரிய வேண்டும்.

பைண்டர் கையைத் துடைத்துக்கொண்டு மேஜையருகே வந்தார். பிரஸ்காரரால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மொதலாளி, நீங்க எழுதினதுல எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

"எதுக்குப்பா?"

"வீட்டுல காட்டணும். பொய் சொன்னேன்னு அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டேன். மூணு மாசமா எங்கூடப் பேசறதில்ல."