கழற்றி வைத்த பேக்ஸ்டாப்

எங்கள் சாயப்பட்டறையில் கரி ஏறும் கன்வேயர் இருபத்தொரு மீட்டர் நீளம். தரையில் ஒரு குழியில் தொடங்கி, சாய்வாக ஏறி, பாய்லருக்கு மேலே உள்ள பங்கர் என்ற கரித் தொட்டியில் கரியைக் கொட்டும். பக்கத்தில் முப்பத்தாறு படிகள். என் வயது அறுபத்தொன்பது, வலது முழங்கால் தேய்ந்தது, ஆகையால் அந்தப் படிகளை நான் எண்ணாமல் ஏறியதில்லை. நூற்பாலை ஒன்றில் முப்பத்தொரு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அருள்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு ஆலோசகராக வந்தேன். ஆலோசகர் என்றால், சொல்லலாம். யாரும் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை.

கன்வேயரின் மேல்முனையில் பெல்ட்டை இழுக்கும் டிரம் இருக்கிறது. அதன் தண்டிலேயே கியர்பாக்ஸை நேராகச் செருகியிருப்பார்கள். கியர்பாக்ஸின் முதுகில் மோட்டார்; புல்லியும் வி-பெல்ட்டும் வழியாக அது கியர்பாக்ஸைச் சுற்றும். தரையில் போல்ட் போட்டு உட்கார வைக்கும் கியர்பாக்ஸ் அல்ல இது, தண்டில் தொங்குவது. தண்டைச் சுற்ற முயலும்போது கியர்பாக்ஸே எதிர்ப்பக்கம் சுற்றிவிடாமல் இருக்க, டார்க் ஆர்ம் என்று ஒரு கம்பி அதைப் பிடித்து இரும்புச் சட்டத்தோடு கட்டியிருக்கும். இன்னொன்று பேக்ஸ்டாப். கியர்பாக்ஸின் வேகமான தண்டில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம். அதனுள் சாய்ந்து நிற்கும் சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள். தண்டு முன்னால் சுற்றினால் அவை வழுக்கி வழிவிடும். பின்னால் சுற்றப் பார்த்தால் நெம்பிக்கொண்டு நிற்கும். மின்சாரம் போனால் சாய்வில் உள்ள கரி பெல்ட்டைக் கீழே இழுக்கும் அல்லவா, அதைத் தடுப்பது இந்த வளையம்தான்.

போன வருடம் புதிதாகத் தூசிக் குழாய் ஒன்று வந்தது. அது போக இடம் வேண்டும் என்று கியர்பாக்ஸைக் கழற்றி டிரம்மின் மறுபக்கத்தில் மாட்டினார்கள். நான் அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தேன். மறுபக்கம் மாட்டினால் அதே கியர்பாக்ஸுக்கு முன்னால் என்பது பின்னால் ஆகிவிடும். பேக்ஸ்டாப்புக்கும் அப்படித்தான் என்பதை ஃபிட்டர் யோசிக்கவில்லை. கரி மேலே ஏறும் திசைக்கு ஒயர் மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முனகி நின்றது, வி-பெல்ட் புகைந்தது. மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். சுற்றியது, ஆனால் கரி கீழ்நோக்கிப் பயணம் செய்தது. ஒயரைப் பழையபடி மாற்றிவிட்டு பேக்ஸ்டாப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது.

"அது ஜாம் ஆகுதுங்க சார். கழட்டுனதுக்கப்புறம் தண்ணியாட்ட ஓடுதுங்க," என்றார் ஃபிட்டர். நாற்பது வயது, கைத்திறமை உள்ளவர். அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம்.

"ஜாம் ஆகலப்பா. அதோட வேலையே அதுதான். கழட்டுன வளையத்தைத் திருப்பிப் போட்டா போதும்."

"சேரிங்க. ரெண்டு நாள்ல போட்டர்லாங்க."

இரண்டு நாள் இருபத்தாறு நாள் ஆனது. அதற்குள் ஓட்டத்தின் நடுவில் மின்சாரம் நாற்பத்தொரு முறை போனது. ஒவ்வொரு முறையும் பெல்ட் கரியோடு பின்னால் ஓடிக் குழியில் கொட்டியது. குழியை அள்ளுவது ஒரு பெண். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் பத்தொன்பது வருடம் ஆனவர். மின்சாரம் நின்றிருக்கும்போதுதான் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய முடியும்; மின்சாரம் நிற்கும்போதுதான் மேலிருந்து கரியும் வரும்.

"பெல்ட்டு பொறத்தால வரதுக்கு முன்ன மேல கடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் சார். அப்பமே நான் வெளிய வந்துருவேன்," என்றார் அவர்.

"ஒரு நாள் கேக்காமப் போனா?"

"போனா, நீங்க இத்தன நாளா எண்ணுத கணக்குல என்னையும் ஒண்ணு சேத்துக்கிடுங்க."

முதலாளியிடம் ஐந்து முறை போனேன். விவசாயக் காட்டை விற்று சாயப்பட்டறை கட்டியவர், நல்ல மனிதர், எதையும் மரியாதையாகத் தள்ளிப்போடுவார்.

"ஏனுங்க சார், துணி லாட்டு மெஷின்ல கெடக்குது. இப்பப் போயி கன்வேயர நிறுத்தச் சொல்றீங்க. ஸ்டீம் எறங்குனா சாயத்தோட ஷேடு போயிருமுங்களே."

"பங்கர் நெறஞ்சிருந்தா மூணு மணி நேரம் தாங்கும். நாலு தடவ நேரம் பாத்து எழுதி வெச்சிருக்கேன். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போதும்."

"நாலு தடவ பாத்தீங்களா," என்று அவர் ஃபிட்டரைப் பார்த்துச் சிரித்தார். "சாருக்கு டைம் நெறையக் கெடக்குது போ."

ஆறாவது முறை நான் ஒன்றும் சொல்லாமல் அவர் அறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடம். கணினியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "செரி, போடச் சொல்லுங்க," என்றார்.

மறுநாள் காலை பங்கரை நிரப்பி நிறுத்தினோம். முப்பத்தாறு படியும் ஏறினேன். பக்கத்து மூடியின் ஆறு போல்ட்டைக் கழற்றி, வளையத்தைத் திருப்பிப் போட வைத்தேன். வி-பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தேன்: ஒருபக்கம் போயிற்று, மறுபக்கம் கல்லாக நின்றது. மோட்டாரையும் தனியாக ஓடவிட்டுத் திசை பார்த்த பிறகே வி-பெல்ட்டை மாட்டச் சொன்னேன். டார்க் ஆர்ம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. என் தாளில் ஒரு டிக் போட்டேன்.

பெல்ட் முழுக்கக் கரி ஏற்றி, வேண்டுமென்றே நிறுத்தினோம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தேன். விரற்கடை அளவுகூடப் பின்னால் வரவில்லை. மறுபடி ஓட்டியபோது மோட்டார் கொஞ்சம் திணறித்தான் கிளம்பியது. பெல்ட் நிறையச் சுமை, அப்படித்தான் இருக்கும் என்றேன். கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம், "இனிமே பயமில்லம்மா, கரண்ட் போனாலும் பெல்ட் அங்கேயே நிக்கும்," என்று சொன்னேன். இருபத்தாறு நாளுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு மின்சாரம் போனது. பெல்ட் கரியோடு நின்றது. அந்தப் பெண் மண்வெட்டியோடு குழியில் இறங்கினார். ஐந்தாறு நிமிடத்தில் ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டு, நீர் குடிக்க வெளியே வந்தார். பாய்லர்க்காரர் கன்வேயர் பொத்தானை அமுக்கினார். மேலே ஒரு இடி. ஓட வேண்டிய பெல்ட் தலைகீழாகக் கீழே பாய்ந்தது. நான் ஓடிப்போனபோது குழி இடுப்பளவு கரியால் நிரம்பியிருந்தது. மண்வெட்டி உள்ளே. ஏறும்போது கழன்ற அவருடைய ஒரு செருப்பும் உள்ளே. அவர் நின்ற இடத்துக்கும் குழிக்கும் இரண்டு எட்டு.

"பயமில்லன்னு சொன்னீயள்லா சார்," என்றார். குரல் உயரவில்லை.

மேலே போய்ப் பார்த்தேன். கியர்பாக்ஸ் மோட்டாரோடு சேர்ந்து தண்டைச் சுற்றி அரைவட்டம் போய், நடைமேடைத் தகட்டில் இடித்து நின்றிருந்தது. கேபிள் பிய்ந்து தொங்கியது. பேக்ஸ்டாப் ஒரு குற்றமும் செய்யவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது தண்டைக் கியர்பாக்ஸோடுதான் பிடிக்கும். கியர்பாக்ஸையே பிடிக்க ஆள் இல்லை என்றால் அது என்ன செய்யும்? பழைய பக்கத்தில் டார்க் ஆர்ம் பெரிய சேனல் தூணில், ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர் புஷ் வைத்து, இரும்புப் பின் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. புதிய பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தூண் இல்லை. ஃபிட்டர் ஒரு பட்டைக் கம்பியை எடுத்து, ஒரு முனையைக் கியர்பாக்ஸிலும் மறு முனையை நடைமேடைக் கைப்பிடியின் காலிலும் வெல்டு வைத்திருந்தார். அசையவே முடியாத பிடிப்பு. தண்டு சுற்றும்போது கியர்பாக்ஸ் இம்மியளவு ஆடும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வெல்டு வளைந்து நிமிர்ந்து விரிசல் விட்டிருக்கிறது. உடைந்த இடத்தில் பாதி துருவாகவும் பாதி புதிதாகவும் இருந்தது. நான் அங்கே நின்று டிக் போட்டவன்.

முதலாளி வந்தார். அவர் கேட்டதுதான் இன்றைக்கும் என்னை எரிக்கிறது.

"அந்தச் சாமானம் இல்லாம இருபத்தாறு நாளு ஓடுச்சுங்க. நீங்க மாட்டுன மறுநாளே உழுந்திருச்சு. மறுபடி கழட்டிப் போடச் சொல்லட்டுங்களா?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. பேக்ஸ்டாப் இல்லாதபோது பெல்ட் ஒவ்வொரு முறையும் பின்னால் ஓடித் தன் சுமையைத் தானே கொட்டிவிடும். மறுபடி கிளம்பும்போது காலி பெல்ட். டார்க் ஆர்முக்குப் பெரிய வேலை இல்லை. பேக்ஸ்டாப் மாட்டிய பிறகு முழுக் கரியையும் சாய்வில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் டார்க் ஆர்மில்தான் விழும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். சோதனையின்போது மோட்டார் திணறியதைக் காதால் கேட்டேன்.

"கழட்டக் கூடாதுங்க. உழுந்தது கம்பி. கம்பிய நான் பாக்காம உட்டது என் தப்பு," என்றேன்.

ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெல்டு வெச்சது நானுங்க," என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது, திட்ட முடியாமல் போயிற்று.

சேனல் இரும்பில் தனியாக ஒரு தாங்கி செய்து, கன்வேயரின் முக்கியச் சட்டத்தில் எட்டு போல்ட் போட்டு மாட்டினோம். கம்பி கியர்பாக்ஸைத் தொடும் இடத்துக்கும் தண்டின் மையத்துக்கும் ஒரு கோடு இழுத்தால், கம்பி அதற்குச் செங்குத்தாக நிற்கும்படி வைத்தோம். ஓடும்போதும் சரி, நின்று சுமையைத் தாங்கும்போதும் சரி, கம்பி இழுபடும், அமுங்காது. இரு முனையிலும் இரும்புப் பின், ரப்பர் புஷ். வெல்டு கிடையாது. கியர்பாக்ஸைத் திறந்து பல்லையும் வளையத்தையும் பார்த்தோம், பழுதில்லை. மூன்று நாள் ஆயிற்று. அதுவரை நான்கு பேர் கூடையில் கரி சுமந்தார்கள். முதலாளி என்னோடு பேசவில்லை.

சுமையோடு பத்து முறை நிறுத்திப் பத்து முறை ஓட்டினேன். பத்து முறையும் மேலே நின்று கம்பியையே பார்த்தேன். பிறகு கீழே வந்து, அந்தப் பெண்ணிடம் சொல்ல வார்த்தை தேடினேன்.

அவர் முந்திக்கொண்டார். "நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் சார். அந்த சுவிச்சுப் பொட்டிக்குப் பூட்டு போடுத வசதி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒரு பூட்டு வாங்கித் தாங்க. ஒரே சாவிதான் இருக்கணும். நான் உள்ள இறங்கும்போது நானே ஆப் பண்ணிப் பூட்டிட்டு இறங்குதேன். பெல்ட்டு காலியா இல்லன்னா இறங்கவும் மாட்டேன், அது நின்னாலும் சரி, நிக்காட்டாலும் சரி."

மேலே அவ்வளவையும் சரியாகச் செய்து முடித்த பிறகும் அவர் நம்பவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே பூட்டை வாங்கி வந்தேன். கடைக்காரர் மூன்று சாவி கொடுத்தார். இரண்டை அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே பாய்லர் நெருப்பில் போட்டேன். மூன்றாவதை வாங்கி அவர் முந்தானையில் முடிந்துகொண்டு, காலி பெல்ட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெட்டியைப் பூட்டப் போனார்.