இரண்டாம் தாள்

ஆலப்புழையில் கயிற்றுப்பாய் ஏற்றுமதி செய்யும் குரியாக்கோஸ் முதலாளியின் அலுவலகத்தில், விலைக்கணக்கு சுதர்மாவுடையது. பக்கத்து மேசை என்னுடையது. பதினான்கு வருடத்தில் அவள் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

முதலாளி இரண்டாம் நெசவுக்கூடத்தை மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அங்கே முப்பது பெண்கள் நெய்தார்கள். அவர்களில் ஒருத்தி சுதர்மாவின் நாத்தனார் தங்கமணி. கப்பல் கூலியெல்லாம் போக ஒரு பாய்க்குச் சரக்கின் பேரில் மட்டும் என்ன கிடைக்கிறது என்று சொல், நஷ்டமென்றால் மூடிவிடுகிறேன் என்று சுதர்மாவிடம் சொன்னார்.

அந்தக் கூடத்தில் நெய்து ஜெர்மன்காரனுக்கு அனுப்பிய ஆறாயிரம் பாய்க்கான இன்வாய்ஸை அவள் எடுத்தாள். மேலே 'சி.ஐ.எஃப். ஹாம்பர்க்' என்று இருந்தது. சரக்கு விலை, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்த விலை என்று பொருள். கீழே பாய் ஒன்று மூன்றரை டாலர், ஆக இருபத்தோராயிரம். எங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கு அந்த ஒற்றை விலையிலேயே எல்லாம் அடக்கம். பழக்கப்படி கப்பல் கம்பெனி பில்லிலிருந்து இரண்டாயிரத்து எழுநூறும், காப்பீட்டுச் சீட்டிலிருந்து அறுபதும் கழித்தாள். மிச்சத்தை ஆறாயிரத்தால் வகுக்க, மூன்று டாலர் நான்கு சென்ட் வந்தது. ஒரு பாயை நெய்ய ஆகும் அடக்கவிலையோ மூன்று டாலர் இருபது சென்ட். நஷ்டம் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

கூடம் மூடியது. தறிகள் பழைய இரும்பாகப் போயின.

ஆறு வாரம் கழித்து வங்கியிலிருந்து ஜெர்மன்காரனின் பணம் வரவானதற்கான தாள் வந்தது. இருபத்து மூவாயிரத்து எழுநூற்று அறுபது டாலர், அவள் கணக்கில் எடுத்த இருபத்தோராயிரத்தைவிட அதிகம். சுதர்மா வங்கிக் கோப்பைப் பிரித்து இன்வாய்ஸின் இரண்டாம் தாளைத் தேடினாள். இவனுக்கு மட்டும் சரக்கு விலை தனி. கூலியும் காப்பீடும் அந்தத் தாளில் தனியாகக் கூட்டி, மொத்தம் போட்டிருந்தது. மூன்றரை டாலரும் பாய்க்கே உரியது. அதில் சேராத கூலியையும் காப்பீட்டையும்தான் அவள் கழித்திருந்தாள். பாய்க்கு முப்பது சென்ட் லாபம்.

அந்தத் தாளோடு முதலாளியிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"கூடம் இருந்த இடத்துக்கு முன்பணம் வாங்கியாச்சு சுதர்மா. ஹோட்டல் வருது. நீ இப்ப சொல்றதால ஒண்ணும் ஆகப்போறதில்ல. வெளியில பேசாத, உனக்குத்தான் கேவலம்."

அவள் பேசினாள். அன்று மாலையே தங்கமணி வீட்டுக்குப் போய், தாளை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். தங்கமணி அதை வாங்கவில்லை. இப்போது நெடுமுடியில் இறால் உரிக்கிறாள், விரலெல்லாம் வெடிப்பு.

"எங்கூட்டுச் சோத்தைத்தான நீ கழிச்சிருக்க, மோளே? ரெண்டாவது தாள் ஒண்ணு இருக்கும்னு தோணலையா உனக்கு?"

"தோணல சேச்சி."

"முதலாளிக்கு வேண்டியதைத்தான் நீ எழுதிக் கொடுத்தன்னு ஊரு சொல்லுது. நான் இல்லைன்னு சண்டை போட்டேன். இனி போடமாட்டேன்."

தங்கமணி கதவைச் சாத்தவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். சுதர்மா முற்றத்திலேயே நெடுநேரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.