எட்டாவது வீட்டுப் பதினைந்து ரூபாய்

திருத்தங்கலில் நாங்கள் இருந்த வளவில் எட்டு வீடுகள், ஒரு கிணறு. வீடு அவரவருக்குச் சொந்தம். கிணற்றில் வீட்டுக்கு எட்டில் ஒரு பங்கு பாத்தியதை என்று ஒவ்வொருவர் பத்திரத்திலும் எழுதியிருந்தது. என் வீடு எட்டாவது. புருஷன் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சியும் தாளும் வாங்கி வந்து, பெட்டி ஒட்டும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பேன். குரோஸுக்கு நூற்று நாற்பத்து நாலு பெட்டி; யார் எத்தனை குரோஸ் ஒட்டினார்கள் என்பதைச் சிலேட்டில் எழுதி வாசலில் தொங்கவிடுவேன். யாரும் வந்து பார்க்கலாம். அதனால் என்னிடம் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அந்த ஐப்பசி மழையில் கிணற்றின் சுற்றுச்சுவர் சரிந்து, உருளை மாட்டிய கட்டையும் உள்ளே விழுந்தது. கொத்தனார் வந்து பார்த்தார். சுவர், கட்டை, நின்று இறைக்கத் தளம் எல்லாம் சேர்த்து நூற்றிருபது ரூபாய் ஆகும் என்றார். வீட்டுக்குப் பதினைந்து போடுவோம், வரவு செலவைச் சிலேட்டில் எழுதிக் கிணற்றடியில் மாட்டுவோம் என்று முற்றத்தில் நின்று சொன்னேன்.

முதல் வீட்டுக்காரர் பருத்தி மண்டிக் கணக்கர். வளவில் எந்த வசூலும் அவர் கையில்தான். போன பொங்கல் வசூலுக்கு அவர் கணக்குச் சொன்னதே இல்லை. சிலேட்டு என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"இங்கன தலைக்கட்டு வரிதான் வழக்கம். உங்க வீட்டுக்கு வரி கிடையாது தாயி. நீங்க ஏன் இதுல வாறீக?"

ஆம்பிளை இருக்கிற குடும்பம் ஒரு தலைக்கட்டு. விதவை வீட்டுக்கு வரி இல்லை. நான்கு வருஷமாக அதை இரக்கம் என்று நினைத்து, ஒவ்வொரு வசூலிலும் கைகூப்பியிருக்கிறேன். எனக்கு அம்புட்டுதான் புத்தி. வரி இல்லாதவளுக்கு வாயும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் பதினைந்து ரூபாயை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் அது என் வாசற்படியில், மேலே ஒரு கல் வைத்துக் கிடந்தது. மற்ற ஏழு வீடுகளும் நூற்றைந்து ரூபாய் கொடுத்துவிட்டன. யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு நாள் வேலை நடந்தது. நான் வாசலில் உட்கார்ந்து பெட்டி எண்ணிக்கொண்டே பார்த்தேன். செங்கல் எத்தனை, சுண்ணாம்பு எத்தனை மூட்டை, மணல் எத்தனை வண்டி என்று எண்ணினேன். கொண்டுவந்தவர்களிடமே விலையும் கேட்டேன். கூலி நாளைக்குக் கொத்தனாருக்கு நாலு, சித்தாளுக்கு இரண்டு. எல்லாம் எழுதிக் கூட்டினால் எண்பத்திரண்டுதான் வந்தது. ஏழாம் நாள் முதல் வீட்டுக்காரர், பணம் தீர்ந்துபோச்சு, தளம் போட முடியாது என்று அறிவித்தார். இறைக்கிற இடம் வெறும் சேறாகவே கிடந்தது.

சிலேட்டைக் கிணற்றுக் கட்டையில் மாட்டினேன். வரவு நூற்றைந்து, செலவு எண்பத்திரண்டு, மீதி இருபத்து மூன்று. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் வாசித்தார்கள். அவர் வந்து ஈரக் கையால் அழித்தார். நான் மறுபடி எழுதினேன். மூன்றாம் தடவை அழித்தபோது வளவே கூடிவிட்டது.

"கணக்கைக் காட்டுங்க அண்ணாச்சி. நான் எழுதுனது தப்புன்னா சிலேட்டை உடைச்சிப் போடுதேன்," என்றேன்.

"ஒத்தப் பைசா குடுக்காத பொம்பள எங்கிட்டக் கணக்குக் கேக்கவா?"

பணத்தைத் திருப்பிப் போட்டது எதற்கு என்று அப்போது விளங்கியது. சுற்றிலும் பார்த்தேன். தங்கள் பணம் இருபத்து மூன்று ரூபாய் போயிருக்கிறதே என்று கேட்க வேண்டிய மற்ற ஆறு வீட்டு ஆம்பிளைகளும் என்னைத்தான் முறைத்தார்கள்.

சாந்துச் சட்டியையும் கரண்டியையும் கழுவிக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போனேன். தளத்துக்கு என்ன ஆகும் என்று எல்லார் காதிலும் விழக் கேட்டேன். கல்லுக்கு ஆறு, சுண்ணாம்புக்கு மூன்று, ஒரு நாள் கூலி ஆறு, பதினைந்து என்றார். மடியிலிருந்த அதே பதினைந்தை அவர் கையில் வைத்தேன். கிணற்றில் பங்கு எனக்கும் உண்டு, பத்திரத்தைப் பாருங்கள் என்றேன். மண்டிக் கணக்கருக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியும். அவர் திரும்பித் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் தளம் போட்டாகிவிட்டது. சிலேட்டில் அடியில் சேர்த்தேன்: எட்டாவது வீடு வரவு பதினைந்து, தளச் செலவு பதினைந்து, மீதி இல்லை. மேலே இருந்த இருபத்து மூன்றை அப்படியே விட்டேன். அதன் பிறகு அதை யாரும் அழிக்கவில்லை.

ஒரு வருஷம் வளவில் என்னோடு யாரும் பேசவில்லை. ஆனால் எல்லாரும் அந்தத் தளத்தில் நின்றுதான் இறைத்தார்கள். மண்டிக் கணக்கர் மட்டும் அதில் கால் வைக்கமாட்டார். கிணற்றின் மறுபக்கம் போய், கணுக்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, உருளை இல்லாமல் வெறுங்கையால் கயிறு போட்டு இறைப்பார். நான் வாசலில் பெட்டி எண்ணியபடி தினமும் பார்ப்பேன்.