யாரோ ஒருத்தி பேர்

நெல்லித்தோப்பில் ஒரு கல்லறைக்கல் கடை. பேர் வெட்டும் மெஷினுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து அடுக்குவது தொமினிக்கின் வேலை. பிரான்ஸிலிருந்து வரும் ஃபைல்களில் é இருக்கவேண்டிய இடத்தில் Ã© என்று கண்றாவியாக நிற்கும்.

"ஃபைல் கெட்டுப்போகலைங்க. யுடிஎஃப்-எட்டுங்கிற புது முறையில எழுதினதை என் சாஃப்ட்வேர் பழைய முறையில படிச்சுத் தொலைக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் எரிந்துவிழுவார்.

அன்று, தன் அம்மாவின் கல்லுக்காக அவர் மகள் அனைஸ் பாரிஸிலிருந்து அனுப்பியதும் அப்படித்தான் திறந்தது: ThÃ©rÃ¨se.

அடக்கத்தன்று வராத அழுகை இப்போதும் வரவில்லை. சேவ் பண்ணாமல் மூடினார். யுடிஎஃப்-எட்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி திறந்தார்.

Thérèse.

எழுத்து குழம்பிக் கிடந்தவரை அது யாரோ ஒருத்தியின் பேர். இப்போதுதான் அவர் பெண்டாட்டி செத்துப்போனாள்.