ஆழ்துளைக் கிணறும் ஒரு நிச்சயமும்

"தாங்கள் கேட்ட 'நூற்றுக்கு நூறு தண்ணீர் உத்தரவாதம்' என்ற வரியை எங்களால் படத்தில் சேர்க்க இயலாது என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இந்த வரி உள்ள கடிதத்தின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. 4-8-1987, செவ்வாய்க்கிழமை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள். அனுப்பியது விழுப்புரத்தில் இருந்த ஒரு வீடியோ ஏஜென்சி. வாசகம் என்னுடையது, கையெழுத்து என் நண்பருடையது.

நான் அப்போது ரயில்வேயில் எழுத்தர். வேலை முடிந்ததும் நண்பரின் கடைக்குப் போய் உட்காருவேன். முன்பக்கம் அவர் மனைவி கேசட் வாடகைக்குக் கொடுப்பார். பின்பக்கம் கேமராவும் இரண்டு வீடியோ டெக்குகளும். கல்யாண வீடியோதான் அவர் பிழைப்பு. ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, கேமரா பெட்டியை விட்டு வெளியே வராது.

அந்த ஆடியில் திண்டிவனத்திலிருந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு போர்காரர் வந்தார். போர் போடும் லாரி ஒன்று புதிதாக வாங்கியிருந்தார். அதற்கு இரண்டு நிமிட விளம்பரப் படம் வேண்டும். வாடகைக் கேசட்டுகளின் முன்னால் அதைப் பதிந்து விடலாம், சென்னை போகும் வீடியோ பஸ்களிலும் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நண்பருக்கு வந்த முதல் விளம்பர ஆர்டர் அதுதான். இது சரியாக அமைந்தால் ஆடியிலும் மார்கழியிலும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்ட வேண்டியதில்லை. அவர் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மூன்றாம் நாள், படத்தில் பேச வேண்டியதை எழுதிப் போர்காரர் ஆளனுப்பினார். "போட்ட இடமெல்லாம் தண்ணீர்! நூற்றுக்கு நூறு உத்தரவாதம்!" என்று சிவப்பு மையில்.

நண்பர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத யாரு பேசறது? நான்தான?"

அதுதான் சிக்கல். கண்டாச்சிபுரத்திலிருந்து திருவாமாத்தூர் வரைக்கும் கோயில் திருவிழா மைக்கில் அவர் குரலைக் கேட்காத ஆள் இல்லை. "பெண்கள் பக்கம் இடம் விடுங்கள்" என்று அவர் சொன்னால் கூட்டம் தானாக விலகும். அதே ஊர்களில்தான் அவருக்கு ஆவணிக் கல்யாணங்களும். போரிலிருந்து வெறும் பாறைத்தூள் பறந்தால் விவசாயி போர்காரரைத் தேடித் திண்டிவனம் போக மாட்டார். பந்தியில் வைத்து இவர் சட்டையைத்தான் பிடிப்பார்.

"முடியாதுன்னு எழுது. ஆனா ஆர்டரு போவக் கூடாது" என்றார். இரண்டையும் ஒரே கடிதத்தில்.

எழுதினேன். மறுப்பு ஒரு பத்தியில் முடிந்தது. பூமிக்குக் கீழே இருப்பதை யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. தங்கள் பில்லிலேயே "தண்ணீர் கிடைக்காவிட்டாலும் அடிக்கணக்குப்படி கட்டணம் உண்டு" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். படம் ஒன்றும் பில் மற்றொன்றும் சொன்னால் வாடிக்கையாளர் படத்தைத்தான் நம்புவார், வழக்கு என்று வந்தாலும் அதைத்தான் காட்டுவார். மீதிக் கடிதம் முழுக்க மாற்று வாசகங்கள். "பாறை தட்டும் வரை மண் சரியாமல் காசிங் குழாய் இறக்கித் தருகிறோம்." "துளையிடும் குழாய்களை உங்கள் கண்முன் எண்ணி அடிக்கணக்கு." தண்ணீர் கிடைத்த விவசாயிகள் சம்மதித்தால் அவர்களையே கேமராவில் பேச வைக்கலாம், ஊரும் ஆழமும் சொல்லட்டும், ஆனால் "இவருக்குக் கிடைத்தது" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், "உங்களுக்கும் கிடைக்கும்" என்று நீட்டக் கூடாது. இப்படி ஆறு வரிகள் கொடுத்தேன். மூன்று போதும் என்று நண்பர் சொன்னார், நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை போர்காரர் பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார். நான் அன்று லீவு. கடிதம் அவர் சட்டைப்பையில் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னாங்க இது? படம் எடுத்துக்கினு வாங்கன்னா பாடம் எடுத்துக்கினு இருக்கீங்க!"

நண்பர் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"எங்க மச்சான் கையில தேங்கா வச்சிக்கினு நடந்தாருன்னா, ஊத்து இருக்கற எடத்துல தேங்கா நட்டுக்கினு நிக்கும். தெரியுமா? தப்பே ஆவாது."

"தப்பே ஆனதில்லிங்களா?" நண்பர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ரெண்டு எடத்துல... அது தேங்கா சரியில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் எழுதனதா? எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னா பேஜாரு பண்றீங்க சார்? எதிர்ல இருக்கற கம்பெனிக்காரன் நோட்டீஸுல உத்தரவாதம்னு போட்டுக்கினு இருக்கான். நான் அடிக்கணக்குன்னு சொல்லிக்கினு நிக்கணுமா? ஜல்தியா ஒரு முடிவு சொல்லுங்க. இல்லன்னா பாண்டிச்சேரியில ஆளு இருக்காங்க."

நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. பாண்டிச்சேரி என்றதும் ஆர்டர் கைவிட்டுப் போவது கண்ணுக்கே தெரிந்தது. அவர் ஏதோ விட்டுக்கொடுக்க வாயெடுத்தார் என்றே நினைக்கிறேன். அதற்குள் முன்பக்கத்திலிருந்து, கேசட்டைத் துடைத்துக்கொண்டே அவர் மனைவி பேசினார்.

"அண்ணே, நீங்க சொல்ற மாதிரியே போட்டுடலாம். கடைசியில ஒரே ஒரு வரி சேத்துக்கறோம். தண்ணி வரலன்னா பணம் வாபஸ்னு."

"அய்யய்யோ! டீசலுக்கு யாரும்மா தர்றது?"

"அப்பறம் உத்தரவாதம்னா என்னாண்ணே?"

போர்காரர் உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தார். "எம்மா, நீங்க வக்கீலுக்குப் போயிருக்கணும்."

"இவரு கட்டிக்கினு வந்துட்டாரே, எங்க போறது?"

டீ வந்தது. அவர் கடிதத்தை எடுத்து, இரண்டாம் பக்கத்தை முதல் தடவையாக நிதானமாகப் படித்தார். குழாய் எண்ணும் வரியில் விரலை வைத்தார்.

"இது உண்மைங்க. தண்ணி வரலன்னா வெவசாயி தலையெழுத்துன்னு எழுந்து பூடுவான். ஆழத்துலதான் சண்டையே. எரநூறு அடி போட்டுட்டு எரநூத்தி இருவதுன்றியான்னு கேப்பான். எங்க ஆளுங்க எண்ணித்தான் எறக்கறாங்க, யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

"அதையே காட்டிடலாம்" என்றார் நண்பர். குரல் திரும்பி வந்திருந்தது. "ஒவ்வொரு குழா எறங்கறப்பவும் நெலத்துக்காரரே சத்தமா எண்ணட்டும். நான் கேமராவ அவரு மொகத்துல வைக்கறேன்."

போர்காரர் யோசித்தார். சிவப்பு மைத் தாளை விட அவருக்கு மனசில்லை.

"எல்லாம் சரிங்க. ஆனா எங்கியாவது ஒரு 'நிச்சயம்' வேணும். அது இல்லன்னா படமே மொட்டையா இருக்கும்."

மூன்று பேரும் நிச்சயத்தை வைக்க இடம் தேடினோம். காசிங்குக்குப் பக்கத்தில் வைத்தோம், பொருந்தவில்லை. கடைசியில் "அடிக்கணக்கு நிச்சயம்" என்று வந்தது. அதை அவர் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சத்தத்தை ஏற்றிச் சொல்லிப் பார்த்தார். கேசட் வாங்க வந்த ஒருவர் பயந்துபோய் வெளியிலேயே நின்றார். "இது என் கையில இருக்கறதுங்க. இத எங்க வேணாலும் சொல்வேன்" என்றார்.

ஆடி முடிவதற்குள் கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், படம் எடுத்தோம். நிலத்துக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குழாய்களை எண்ணினார். ஒன்பதாவதைத் தாண்டியதும் கேமராவை மறந்து விரலை மடக்க ஆரம்பித்தார். வெள்ளையாகப் பறந்த தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேறாகி, கம்ப்ரஸர் காற்றோடு தண்ணீர் எழும்பியபோது எல்லோரும் நனைந்தோம். கேமராவுக்கு மட்டும் குடை இருந்தது. அந்தக் காட்சியில் நண்பர் பேசிய வரி: "இவருக்குத் தண்ணீர் கிடைத்தது. அடிக்கணக்கு நிச்சயம்." அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. மார்கழிக்குள் அவருக்கு இன்னும் இரண்டு விளம்பரங்கள் வந்தன. அந்த வருஷம் என் நாட்குறிப்பில் அவருடைய வழக்கமான மார்கழிப் புலம்பல் எதுவும் பதிவாகவில்லை.

அந்தக் கிணறு மறு பங்குனியிலேயே வற்றிவிட்டது என்று ஒருவர் சொன்னார். இல்லை, மூன்று போகத்துக்கும் அதுதான் பாய்கிறது என்று இன்னொருவர் சொன்னார். இருவருமே அந்த ஊர்க்காரர்கள் அல்ல. நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. எனவே இது உறுதி செய்யப்படாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன்.