வாயை மூடிக்கொண்ட வேட்பாளர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நல்லதம்பி கத்தினால்தான் வேலை தொடங்கியதாக அர்த்தம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அவர் சூப்பர்வைசர். கூடையில் நாலு முற்றிய இலை கிடந்தால் போதும், திட்டித் தீர்த்துவிடுவார்.

அந்த மனிதர் பஞ்சாயத்துத் தேர்தலில் சுயேச்சையாக மனுப் போட்டார். மெம்பராகிவிட வேண்டும் என்பது அவருக்குப் பத்து வருட ஆசை. ஓட்டுப் போட வேண்டியவர்களோ தினமும் அவரிடம் திட்டு வாங்கும் அதே பெண்கள். மறுநாளே வாயை மூடிக்கொண்டார். முற்றிய இலையைக் கண்டால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

கொழுந்தில் முற்றல் அதிகம் என்று ஒரு வாரத்தில் பேக்டரியிலிருந்து புகார் வந்தது. மேனேஜர் ராஜசேகர் அவரைக் கூப்பிட்டார். ஆபீஸ் கிளார்க்கான நான் பைலோடு பக்கத்தில் நின்றேன்.

“நீங்க நிக்கிறதத் தடுக்க கம்பெனிக்கு உரிமை இல்ல, நல்லதம்பி. நீங்க சர்க்கார் ஊழியர் இல்ல. ஆனா வேலை நேரத்துல தோட்டத்துக்குள்ள ஓட்டுக் கேக்கக் கூடாது.”

“நான் வாயே தொறக்கலியே சார்.”

“அதுதான்யா ஓட்டுக் கேக்கறது! ரிசல்ட் வரைக்கும் லீவுல போங்க.”

நல்லதம்பியோடு வந்திருந்த யூனியன் செயலாளர் சூசையப்பன் கம்பெனி விதிப் புத்தகத்தை மேஜையில் வைத்தார். “தேர்தல்ல நிக்கிறவன் லீவுல போகணும்னு இதுல எங்க சார் இருக்கு?”

மேனேஜர் புரட்டிப் பார்த்தார். இல்லை. நல்லதம்பி முகம் மலர்ந்தது.

சூசையப்பன் அவர் பக்கம் திரும்பினார். “ரொம்பச் சிரிக்காதீரும். வேலையில இருந்துக்கிட்டு வேலையப் பாக்கலன்னா மெமோ வரும். அதுக்கு யூனியன் வராது.”

நல்லதம்பி சேர்த்து வைத்த லீவெல்லாம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்திருந்தது. சம்பளமில்லாமல் இரண்டு வாரம் உட்கார அவருக்கு வழியில்லை. பாவம், அன்று அவரைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் கொழுந்து பறிக்கும் மாரித்தாய் கூடையைக் கொட்டினாள். பாதிக்கு மேல் முற்றல். நல்லதம்பி கண்ணை மூடிக்கொண்டார். பத்து வருட ஆசை போனால் போகட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“ஏ மாரித்தாயி! இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரித்தாய் இடுப்பில் கை வைத்தாள்.

“இப்பத்தான் நீரு மனுசன். ஒரு வாரமா பல்லக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சீரே, இந்த ஆளு செயிச்சா என்னத்தச் சுருட்டப் போறாரோன்னு பயந்துபோயி, ஒருத்தியும் ஓட்டுப் போடக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்.”

அதன்பின் வேலை நேரத்தில் திட்டினார், சாயங்காலம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார். ஒன்பது ஓட்டில் ஜெயித்தார்.

பதவியேற்ற மறுநாள் காலை, கழுத்தில் மாலை விழுந்த களிப்போடு தோட்டத்துக்கு வந்து, மாரித்தாய் கூடையைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“ஏ மெம்பரு! லயத்து முக்குல லைட்டு எரியல. தூங்குறீரா?”

சுற்றி நின்ற முப்பது பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லதம்பி பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.